வெறும் வயிற்றில் காபி, மூன்று தொல்லைகள், ஒரே பெயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

"காலையில காபி குடிச்ச அரை மணி நேரத்துல நெஞ்சுக்குழி எரியுது டாக்டர். கை நடுங்குது. ராத்திரி புளிப்பா தொண்டைக்கு வருது. கேஸ்ட்ரைடிஸ்னு சொல்லிட்டாங்க. காபியை விட்டும் பார்த்துட்டேன், சரியாகல."

வயிற்று நோய்ப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் வாக்கியங்கள் இவை. கீழே வருபவர் ஒரு தனி நபர் அல்ல. இப்படி வரும் பலரிடம் பொதுவாகக் காணப்படும் விவரங்களை ஒருவர் மேல் ஏற்றித் தொகுத்த நிகழ்வு இது. வயது 42, பள்ளி ஆசிரியை. புகைப்பழக்கமோ மதுப்பழக்கமோ இல்லை. கடந்த ஓராண்டில் எடை 6 கிலோ கூடியிருக்கிறது. தொல்லை தொடங்கி எட்டு மாதம்.

அவர் சொன்ன நான்கு வரியில் மூன்று வேறு தொல்லைகள் இருக்கின்றன. நெஞ்சுக்குழியில், அதாவது விலா எலும்புகள் கூடும் இடத்துக்குக் கீழே எரிவது ஒன்று. கை நடுக்கம் இன்னொன்று. இரவில் புளித்த நீர் மேலே ஏறி வருவது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து கேஸ்ட்ரைடிஸ், அதாவது இரைப்பை அழற்சி, என்று ஒரே பெயர் வைத்து, காபி என்ற ஒரே குற்றவாளியையும் பிடித்தாகிவிட்டது. ஒரே பெயரில் அடைத்ததால்தான் எட்டு மாதமாக எதுவும் தீரவில்லை.

ஏற்கெனவே நடந்தவை

ஆறு மாதம் முன்பு எண்டோஸ்கோபி செய்திருக்கிறார்கள். அறிக்கையில் "இரைப்பையின் கீழ்ப்பகுதியில் லேசான அழற்சி" என்று ஒரு வரி. பயாப்சி எடுக்கவில்லை. உணவுக்குழாயில் புண் இல்லை, அல்சரும் இல்லை.

இந்த வரியை நிறுத்திப் படிக்க வேண்டும். குழாய் வழியே கண்ணுக்குத் தெரிவது சிவப்பு மட்டும்தான். அழற்சி உண்டா இல்லையா என்பதைச் சதைத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். முறைப்படி எடுத்தால் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, இரண்டுக்கும் இடையே வளையும் இடத்தில் ஒன்று என ஐந்து துணுக்குகள். சிவந்து தெரிந்த இரைப்பையில் அழற்சியே இல்லாமல் இருப்பதும், வெளிறி ஒழுங்காகத் தெரிந்ததில் கடும் அழற்சி இருப்பதும் சாதாரணமாக நடப்பவை. இன்னொன்று: பயாப்சியில் உறுதியான இரைப்பை அழற்சி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வலியும் இருப்பதில்லை. ஆகவே "கேஸ்ட்ரைடிஸ் இருக்கிறது, அதனால் எரிகிறது" என்ற வாக்கியத்தின் இரண்டு பாதிகளுமே இவரைப் பொறுத்தவரை நிரூபிக்கப்படாதவை.

எண்டோஸ்கோபிக்குப் பிறகு பான்டோபிரசோல் 40 மி.கி. எட்டு வாரத்துக்குக் கொடுத்தார்கள். காலை 5:45க்குக் காபியோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார். காலை உணவு 8:30க்கு. இந்த வகை மாத்திரை, இரைப்பைச் சுவரில் வேலை செய்துகொண்டிருக்கும் அமிலப் பம்புகளை மட்டுமே பிடித்து அடைக்கும். பம்புகள் பெருமளவில் விழிப்பது உணவு வரும்போது. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரம்தான் போதிய அளவில் இருக்கும். உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடச் சொல்வது இதனால்தான். இவர் விஷயத்தில் உணவு வந்து பம்புகள் விழித்தபோது மருந்தின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பாதிப் பலன் கிடைத்திருக்கும். "மாத்திரையும் கேட்கலை" என்று அவர் சொன்னதற்கு இதுவே முதல் காரணம்.

அந்த எட்டு வாரத்தின் நடுவில், இரைப்பையில் குடியேறி அழற்சி உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கு மலப் பரிசோதனை செய்து, "இல்லை" என்று முடிவு வந்திருக்கிறது. அமிலம் அடங்கியிருக்கும்போது இந்தக் கிருமியின் எண்ணிக்கை குறைந்து, பரிசோதனையின் கண்ணுக்குத் தப்பிவிடும். மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ, அதற்கு 2 வாரம் முன்பே பான்டோபிரசோல் வகை மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கும் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தும் என்றால் 4 வாரம். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது "இருக்கிறது" என்று வந்தால் நம்பலாம், "இல்லை" என்று வந்தால் நம்பக்கூடாது. இவருக்கு வந்தது இரண்டாவது.

எட்டு வாரம் முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் எரிச்சல் முன்பைவிட அதிகமானது. இதுவும் எதிர்பார்க்கக் கூடியதுதான். அமிலம் நீண்ட நாள் அடக்கப்பட்டால் உடல் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டி ஈடுசெய்யப் பார்க்கும். தடை நீங்கியதும் அமிலம் சில வாரங்களுக்கு அளவு மீறிச் சுரக்கும். வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாத ஆரோக்கியமான ஆட்களுக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நிறுத்திய பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 15 சதவீதம். இல்லாத நோயை மருந்தின் நிறுத்தம் உண்டாக்கிக் காட்டியது. இவரோ "காபி உள்ளே ஆழமாகப் புண்ணாக்கிவிட்டது" என்று முடிவுகட்டி, காபியை விட்டுப் பார்க்கத் தீர்மானித்தார்.

பத்து நாள் காபி இல்லாமல்

அந்தப் பரீட்சையில் நடந்ததை அவரே சொன்னார்: நடுக்கம் முதல் நாளிலேயே நின்றது. இரவுப் புளிப்பு அப்படியே இருந்தது. நெஞ்சுக்குழி எரிச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்து, மறுபடி வந்தது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை தாங்க முடியாத தலைவலி.

தலைவலிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதுகுவலிக்காக வீட்டில் வைத்திருந்த டைக்ளோஃபெனாக் 50 மி.கி. மாத்திரையை அந்த மூன்று நாளும் போட்டிருக்கிறார், ஒரு நாளைக்கு இரண்டு. அதற்கு முன்பும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் முதுகுவலிக்கு அதே மாத்திரை, காலைக் காபியோடு. எந்தச் சீட்டிலும் அது எழுதப்படவில்லை. "அது வயித்து மாத்திரை இல்லையே, அதனால சொல்லல."

தலைவலி காபியை நிறுத்தியதால் வந்தது. கஃபீன் பழகிய உடலுக்குத் திடீரென அது கிடைக்காதபோது தலைவலி முதல் நாளிலேயே தொடங்கி, ஒன்று இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். அந்தத் தலைவலிக்குப் போட்ட வலி மாத்திரையே இரைப்பையை அரித்துக்கொண்டிருந்தது. காபியை விட்டால் வயிறு தேறுமா என்று பார்க்கப் போய், காபியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைவிடக் கடுமையான ஒன்றை வைத்துவிட்டார். இந்தப் பத்து நாளை வைத்துக் "காபிதான் காரணம்" என்றும் சொல்ல முடியாது, "காபி காரணமல்ல" என்றும் சொல்ல முடியாது.

வலி மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். குமட்டல் குறையலாம். ஆனால் டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரத்தத்தில் கலந்த பிறகும் புராஸ்டாகிளான்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. இரைப்பையின் உள்பூச்சான சளிப்படலத்தையும் அதனடியில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டையும் பராமரிப்பது அந்தப் பொருள்தான். பூச்சு மெலிந்த சுவரில் வழக்கமான அமிலமே எரிக்கும்.

காபி உள்ளே போனால் உண்மையில் என்ன நடக்கிறது

காபியின் புளிப்பு இரைப்பையை அரிக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். கணக்கு இடிக்கிறது. காபியின் அமிலத்தன்மை pH அளவில் 5ஐ ஒட்டி இருக்கும். வெறும் வயிற்றில் இருக்கும் இரைப்பைச் சாறு 1 முதல் 2. அந்த அளவில் ஒவ்வொரு எண் குறையும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும். அதாவது அந்தச் சாறு காபியைவிட ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ கடுமையானது. உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டால் காபி அமிலத்தை நீர்க்கச் செய்கிற திரவம்.

வேலை நடப்பது வேறு வழியில். காபி கேஸ்ட்ரினைத் தூண்டுகிறது, கேஸ்ட்ரின் அமிலத்தைக் கூட்டுகிறது. இதில் கஃபீனுக்குப் பங்கு உண்டு. ஆனால் கஃபீன் நீக்கிய காபியும் அமிலத்தைத் தூண்டும் என்பது 1970களிலேயே அளந்து பார்க்கப்பட்ட விஷயம். தனியாகக் கொடுத்த கஃபீனைவிடக் கஃபீன் நீக்கிய காபி அதிகமாகத் தூண்டியது. அதனால், "கஃபீன் இல்லாததுக்கு மாறிவிட்டேன், அப்படியும் எரிகிறதே" என்று சொல்பவரின் எரிச்சலைக் கற்பனை என்று தள்ளக்கூடாது.

பால் சேர்த்தால் பாதுகாப்பு என்பதும் அரைகுறை உண்மை. பால் முதலில் அமிலத்தை வாங்கி முறிக்கும். பிறகு அதன் புரதமும் கால்சியமும் மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும். ஒரு குவளைக் காபியில் சேர்கிற பால் உணவின் வேலையைச் செய்யாது.

இரவில் புளிப்பு மேலே ஏறி வருகிற எதுக்களித்தலின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. உணவுக்குழாயின் கீழ்முனை வால்வு, இரைப்பை விரியும்போது அவ்வப்போது தானாகத் தளரும். மேலும் சாப்பிட்ட பிறகு உணவின் மேல்பரப்பில், வால்வுக்குச் சற்றுக் கீழே, உணவோடு கலக்காத அமிலம் ஒரு குட்டையாகத் தேங்கி நிற்கும். வால்வு தளரும்போது மேலே ஏறுவது அந்தக் குட்டையிலிருந்துதான். எனவே எதுக்களித்தலுக்கு உகந்த நேரம் சாப்பிட்ட பின் வரும் இரண்டு மூன்று மணி நேரம். வெறும் வயிற்றுக் காலை அதற்கு முக்கிய நேரமல்ல.

விதிவிலக்கு உண்டு. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், எதுக்களிப்பு நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் உணவுக்குழாயில் அமிலமானி வைத்துக் காபி குடிக்கச் செய்தார்கள். சாப்பிட்ட பின் குடித்த காபி இரு தரப்பிலும் எதுக்களிப்பைக் கூட்டவில்லை. வெறும் வயிற்றில் குடித்தபோது நோய் உள்ளவர்களுக்கு மட்டும் கூடியது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. வால்வு ஏற்கெனவே தளர்ந்திருந்தால்தான் வெறும் வயிறு ஒரு பொருட்டாகிறது.

முதல் ஏழு நாள்: எதையும் மாற்றாமல்

முதலில் ஆபத்து அறிகுறிகள் பார்க்கப்பட்டன. விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாத எடைக் குறைவு, கருத்த மலம், இரத்த வாந்தி, இரத்தசோகை, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் எதுவும் இல்லை. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ எரிச்சல் வருகிறதா என்றும் கேட்கப்பட்டது. வந்தால் அது வயிறாக இல்லாமல் இதயமாக இருக்கலாம், இந்தக் கேள்வியைத் தவற விடவே கூடாது. அதுவும் இல்லை.

பிறகு ஒரு நோட்டு. எழுந்ததும் குடிப்பது எத்தனை மணிக்கு, எவ்வளவு. குடித்து 15, 45, 90 நிமிடத்தில் நெஞ்சுக்குழி எரிச்சலுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். நடுக்கம் உண்டா இல்லையா. எல்லா மாத்திரைகளும், தலைவலி மாத்திரை உட்பட. இரவு உணவு நேரம், படுத்த நேரம், இரவில் புளிப்பு ஏறியதா. ஒரு நாள் பதிவு இப்படி:

செவ்வாய். 5:50 காபி, பெரிய குவளை. 6:05இல் 2, 6:35இல் 6, 7:20இல் 5. நடுக்கம் உண்டு. நேற்று இரவு டைக்ளோஃபெனாக் ஒன்று. 8:30 சாப்பாடு, 8:50இல் 1. இரவு உணவு 9:45, படுத்தது 10:15. 1 மணிக்குப் புளிப்பில் விழிப்பு.

"ஒரு கப்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அளந்தபோது 280 மி.லி. இரண்டு குவித்த தேக்கரண்டி இன்ஸ்டன்ட் பொடி, எடை 4 கிராம். கஃபீன் சுமார் 120 மி.கி. வயது வந்தவருக்கு இது அபாயமான அளவல்ல. ஒரே தடவையில் 200 மி.கி., நாள் முழுவதும் 400 மி.கி. வரை பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மி.கி.தான். ஆனால் வெறும் வயிற்றில் கஃபீன் வேகமாக இரத்தத்தில் ஏறி, முக்கால் மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். நடுக்கம் வந்த நேரமும் அதுதான். அவர் அதைச் "சுகர் இறங்குது" என்று நினைத்திருந்தார். ஒருநாள் நடுக்கத்தின்போதே விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது.

ஏழு நாளில் நெஞ்சுக்குழி எரிச்சல் ஐந்து நாள். அதில் மூன்று நாள் அதற்கு முந்தைய இரவிலோ அன்று காலையிலோ டைக்ளோஃபெனாக் போட்டவை, எண் 6 அல்லது 7. மற்ற இரண்டு நாள் 3 அல்லது 4. நடுக்கம் நான்கு நாள். இரவுப் புளிப்பு இரண்டு இரவு, இரண்டிலும் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்துக்குள் படுத்திருக்கிறார். மூன்று தொல்லைகளும் மூன்று தனி வரிசையில் விழத் தொடங்கிவிட்டன.

ஒவ்வொன்றாகப் பிரித்தது

முதலில் டைக்ளோஃபெனாக் நிறுத்தப்பட்டு, முதுகுவலிக்குத் தேவைப்பட்டால் பாரசிட்டமால் என்று மாற்றப்பட்டது. காபியில் கை வைக்கவில்லை. இது வேண்டுமென்றே செய்தது. இரண்டையும் சேர்த்து நிறுத்தியிருந்தால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. மூன்று வாரத்தில் 6, 7 என்ற எண்கள் மறைந்தன. 3, 4 மட்டும் வாரத்தில் மூன்று நாள் தங்கின.

பான்டோபிரசோலை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்ததால் கிருமிப் பரிசோதனையை இப்போது நம்பலாம். மூச்சுப் பரிசோதனை செய்யப்பட்டது. கிருமி இருந்தது.

இந்தக் கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும்போது கேஸ்ட்ரினுக்குக் கடிவாளம் போடும் சோமாட்டோஸ்டாட்டின் குறைந்துபோகும். கடிவாளம் தளர்ந்த இரைப்பையில் தூண்டுதல் வந்தால் கேஸ்ட்ரின் வழக்கத்தைவிட அதிகமாகப் பாயும். காபியும் அதே மணியைத்தான் அடிக்கிறது. ஒரே காபி வீட்டில் ஒருவருக்கு எரிந்து மற்றவருக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இது ஒரு நியாயமான விளக்கம்.

பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், ஒரு அமில அடக்கி என நான்கு மருந்து, 14 நாள். மருந்தை விளக்கும்போது காபி மறுபடி வந்தது: பாலிலுள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாது. மாத்திரையைப் பால் காபியோடு விழுங்கினால் சிகிச்சை தோற்பதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம். தண்ணீரோடு மட்டும், பாலுக்கும் மாத்திரைக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. ஆன்டாசிட், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி. பிஸ்மத்தால் மலம் கருக்கும், அது இரத்தமல்ல என்றும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. சொல்லாவிட்டால் நான்காம் நாள் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து, அதில் கடைசி இரண்டு வாரம் அமில அடக்கி இல்லாமல், மறுபடி மூச்சுப் பரிசோதனை. கிருமி போயிருந்தது. எரிச்சல் வாரத்தில் மூன்று நாளிலிருந்து ஒரு நாளுக்கு இறங்கியது. இதைப் பெரிதாகக் கொண்டாட வேண்டியதில்லை. புண் எதுவும் தெரியாத வயிற்று எரிச்சலில் கிருமியை ஒழிப்பதால் மட்டுமே குணமாகிறவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு ஒருவர்தான். இவர் அந்த ஒருவரா, அல்லது நாளாவட்டத்தில் தானே குறைந்ததா என்பதை ஓர் ஆளை வைத்துச் சொல்ல முடியாது. அல்சர், இரைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பு குறைகிறது என்பதற்காகவே கிருமியை ஒழிப்பது தகும்.

அதன்பிறகுதான் காபிப் பரீட்சை. ஒரே மாதிரி இரண்டு சீசாக்கள், மேலே "அ", "ஆ" என்று மட்டும் எழுத்து. ஒன்றில் வழக்கமான பொடி, மற்றதில் கஃபீன் நீக்கியது. எதில் எது என்பது அவருடைய கணவருக்கு மட்டும் தெரியும், காலைக் காபியும் அவரே கலந்தார். பதினான்கு நாள், ஒவ்வொன்றும் ஏழு நாள், நாணயம் சுண்டி வரிசை. அளவு எப்போதும் 200 மி.லி., பொடி 4 கிராம். அவர் வழக்கமாகக் குடிக்கும் பதினொரு மணிக் காபியை மாற்றவில்லை, இல்லையென்றால் கஃபீன் இல்லாத நாட்களில் மறுபடி தலைவலி வந்து கணக்கைக் குழப்பும். பிறகு ஒரு வாரம், கஃபீன் உள்ள காபியே, ஆனால் காலை உணவை 6:45க்கு முன்னுக்குக் கொண்டுவந்து அதற்குப் பின்.

சீசாக்களை அடையாளம் காட்டிய பிறகு எண்ணியது: எரிச்சல் கஃபீன் உள்ள ஏழு நாளில் இரண்டு நாள், கஃபீன் நீக்கிய ஏழு நாளிலும் இரண்டு நாள், எல்லாமே 3க்குள். சாப்பிட்ட பின் குடித்த வாரத்தில் ஒன்றுமில்லை. நடுக்கம் கஃபீன் உள்ள நாட்களில் நான்கு, நீக்கிய நாட்களில் பூஜ்யம், சாப்பிட்ட பின் ஒரு நாள். ஏழு ஏழு நாள் சிறிய கணக்கு. எரிச்சலில் இரண்டும் சமம் என்று அறுதியிட்டுச் சொல்ல இது போதாது. நடுக்கம் கஃபீனுடையது என்று சொல்லப் போதும்.

இரவுப் புளிப்பு எந்தச் சீசாவையும் மதிக்கவில்லை. மூன்று வாரமும் வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு வந்துகொண்டே இருந்தது. அதற்குத் தனி வழி: இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டைகள், இடப்பக்கம் சாய்ந்து படுப்பது. தலையணையை அடுக்கினால் உடல் இடுப்பில் மடிந்து வயிற்றை அழுத்தும், பலன் எதிர்மறையாகும். இடப்பக்கம் ஏனென்றால் அப்படிப் படுத்தால் இரைப்பையின் பை வால்வுக்குக் கீழே தொங்கும், அமிலம் ஏற மேட்டைத் தாண்ட வேண்டும். அமில அடக்கியும் எட்டு வாரம் கொடுக்கப்பட்டது. இந்த முறை இரவு உணவுக்கு 45 நிமிடம் முன்பு. முடியும்போது ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அப்படியானால் யாருக்குத் தொல்லை வருகிறது

2013இல் ஜப்பானில் வெளியான ஆய்வில் 8,013 பேரின் காபிப் பழக்கத்தையும் இரைப்பை, முன்சிறுகுடல் அல்சர், எதுக்களிப்பு நோய் ஆகியவற்றையும் ஒப்பிட்டார்கள். தொடர்பு தெரியவில்லை. 2020இல் அமெரிக்கச் செவிலியர்கள் 48,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், காபி அதிகம் குடித்தவர்களுக்கு எதுக்களிப்பு அறிகுறிகள் ஓரளவு கூடுதலாக வந்தன. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டை மூட்டுவது வழக்கமாகிவிட்டது. முதலாவது பெரும்பாலும் புண்ணைத் தேடியது, இரண்டாவது உணர்வைக் கேட்டது. காபி அல்சரை உண்டாக்காமலேயே உணர்வைக் கிளப்பலாம். இரண்டும் ஒரே ஆளிடம் உண்மையாக இருக்க முடியும்.

வெறும் வயிற்றில் குடித்து ஒன்றும் ஆகாதவர்கள் ஏராளம், அவர்கள் மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. தொல்லை வருகிறவர்களை விசாரித்தால் பெரும்பாலும் வேறொன்று பின்னணியில் இருக்கும். வலி மாத்திரை, கிருமி, தளர்ந்த வால்வு, வயிற்றுச் சுற்றளவு, கர்ப்பம். இன்னொரு பெரிய கூட்டம், பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் எரிச்சல் உள்ளவர்கள். அவர்களின் இரைப்பை நரம்புகள் சாதாரண அளவு அமிலத்தையும் விரிவையும் எரிச்சலாகப் படிக்கின்றன. உறக்கக் குறைவும் மனப்பதற்றமும் அந்தக் கூர்மையைத் தீட்டும். கஃபீனைப் பொறுத்தவரை அது உடலை விட்டுப் போகும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறு. பாதி கழிய சராசரியாக ஐந்து மணி நேரம். கருத்தடை மாத்திரை போடுபவர்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆறு மாதம் கழித்து

காலைக் காபி தொடர்கிறது, 200 மி.லி., பள்ளி நாட்களில் காலை உணவுக்குப் பின். விடுமுறை நாளில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கிறார், பாதிப் பொடி போட்டு. நெஞ்சுக்குழி எரிச்சல் மாதத்தில் இரண்டு மூன்று நாள், பெரும்பாலும் தூங்காத இரவுக்கு மறுநாள். அதற்கு மாத்திரை எதுவும் போடுவதில்லை. இரவு விருந்து நேரமாகிவிட்டால் மட்டும் புளிப்பு வருகிறது. எடை 3 கிலோ குறைந்திருக்கிறது, கட்டில் கட்டைகள் அப்படியே இருக்கின்றன.

எண்டோஸ்கோபியை மறுபடி செய்யச் சொல்லவில்லை. விழுங்கச் சிரமம், எடை இறங்குதல், இரத்தசோகை, பிஸ்மத் இல்லாத நாளில் கருத்த மலம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் உடனே செய்ய வேண்டும், அப்போது ஐந்து துணுக்குகளும் எடுக்கப்பட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அதற்கு மேலே, மருந்து ஒவ்வாமைக்கான கட்டத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில்: டைக்ளோஃபெனாக் வேண்டாம்.